மணப்பொருத்தமும் திருவருளும்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

சிவமயம்



திருக்கோயிலுக்கு வரும் பெற்றோர் பலருடைய அருச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு இரண்டு தாள்களும் இருப்பதைக் காணலாம். ஒன்று மகளின் சாதகம். மற்றொன்று பேசிவந்திருக்கும் மணமகனின் சாதகம். இரண்டையும் இறைவன் திருவடியில் வைத்து எடுத்துத் தருமாறு குருக்களை வேண்டுகின்றனர். சில ஊர்களில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்துச் சந்நிதியில் இட்டு, ஒரு குழந்தையைக்கொண்டு ஒன்றை எடுக்கச் செய்யும் பூக்கேட்கும் வழக்கமும் உண்டு. ஆதலின் மணப்பொருத்தம் என்பது சோதிடர் திண்ணையோடு நின்றுவிடும் செய்தி அன்று. ஆலயத்தின் வாயில் வரை வருவது. அது எவ்வாறு கணிக்கப்படுகின்றது, குடும்பத்தார் அதனை ஏன் மதிக்கின்றனர், அதனை ஏலாதார் கூறும் தடை யாது, சைவ நெறியில் நிற்பார் அதனை எந்த அளவில் கொள்ளத்தக்கது என்பவற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

பழந்தமிழர் கண்ட பொருத்தம்

தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டும் ஒப்புமை பத்து வகைப்படும் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைக்கின்றது. குடிப்பிறப்பு, ஒழுக்கம், வயது, வடிவு, அன்பு, அடக்கம், அருள், அறிவு, செல்வம் போல்வன அவற்றுள் அடங்கும். அப்பத்தனுள் நட்சத்திரம் ஒன்றும் இல்லை. இதனால் பண்டைத் தமிழர் வானத்தை நோக்காதவர் என்று கொள்ளுதல் பிழை. அகநானூற்றில் வரும் திருமணமும், சிலப்பதிகாரத்தில் வரும் கோவலன் கண்ணகி திருமணமும், திங்கள் உரோகிணியோடு கூடிய நன்னாளில் நிகழ்ந்தன. மணவினைக்குரிய நாளை வானத்தில் தேடினர். மணமக்களின் ஒப்புமையை மண்ணிலே, அவர்தம் குடியிலும் குணத்திலும் தேடினர். இவ்வேறுபாடு நினைவில் இருத்தத்தக்கது.

இந்நாளில் வழங்கும் தசப் பொருத்தம் வேறு. அதுவும் எண்ணால் பத்தே. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, இராசி, இராசியதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்பன அவை. இவை அனைத்தும், பிறந்தபோது சந்திரன் நின்ற இடம் ஒன்றனையே பற்றி எழுவன. வானவட்டத்தை 27 கூறாக்கி ஒவ்வொன்றற்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர் இட்டனர். சந்திரன் ஒரு கூற்றைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். குழந்தை பிறந்த வேளையில் சந்திரன் எக்கூற்றில் நின்றதோ, அதுவே அக்குழந்தையின் சன்ம நட்சத்திரம். பெண்ணின் நட்சத்திரம் தொடங்கி ஆணின் நட்சத்திரம் வரை எண்ணிப் பெறுவன சில; இரு நட்சத்திரமும் எவ்வெவ் வகுப்பைச் சார்ந்தன என்று நோக்கிப் பெறுவன சில. ஏனைய கிரகங்களின் நிலை இப்பத்தனுள் வாராது. அதனை நோக்குவது சாதகத்தை முழுதும் ஆராயும் வேறு வேலை. பத்துப் பொருத்தத்தை மட்டும் எண்ணி, ‘சாதகம் பார்த்தாயிற்று’ என்பார், சாதகத்தின் ஒரு வரியையே பார்த்தவர் ஆவர்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மணமகள் உரோகிணி நட்சத்திரத்தில் பிறந்தாள் என்று கொள்வோம். மணமகன் காலை 6 மணி 25 நிமிடத்திற்குப் பிறந்தவன். அவன் பிறந்த நாளில், வாக்கிய பஞ்சாங்கத்தின்படி அஸ்தம் காலை 6 மணி 40 நிமிடம் வரை உள்ளது, அதன்பின் சித்திரை. திருக்கணித பஞ்சாங்கத்தின்படியோ அஸ்தம் 6 மணி 10 நிமிடத்திற்கே முடிந்து சித்திரை தொடங்கிவிட்டது. எனவே ஒரு பஞ்சாங்கம் அவனை அஸ்தத்தான் என்னும். மற்றது சித்திரையான் என்னும்.

முதலில் அஸ்தம் என்று கொண்டு எண்ணுக. உரோகிணி முதல் அஸ்தம் வரை 10. அதில் ஒன்பதைக் கழித்தால் எஞ்சுவது ஒன்று. ஆதலின் தினப் பொருத்தம் இல்லை. பத்தாவதாக வருதலின் மகேந்திரம் உண்டு. உரோகிணி மனித கணம், அஸ்தம் தேவ கணம். ஆதலின் கணம் பொருந்தும். இனி ரஜ்ஜு. உரோகிணியும் அஸ்தமும் கண்ட ரஜ்ஜு எனப்படும் ஒரே வகுப்பின. ஆகவே ரஜ்ஜு தட்டிவிடும். ஏறுமுகம், இறங்குமுகம் என்று பிரித்து விலக்குக் கூறுவாரும் இங்கே உதவமாட்டார், இரண்டும் ஏறுமுகத்தனவே.

அடுத்துச் சித்திரை என்று கொண்டு எண்ணுக. எண்ணிக்கை 11 ஆகின்றது. ஒன்பதைக் கழிக்க எஞ்சுவது இரண்டு. தினப் பொருத்தம் வந்துவிட்டது. மகேந்திரம் போய்விட்டது. சித்திரை இராட்சத கணமாதலின் கணமும் பொருந்தாது என்பதே பெரும்பான்மை வழக்கு. சித்திரை சிரசு ரஜ்ஜு. உரோகிணி கண்ட ரஜ்ஜு. இரண்டும் வேறாதலின் ரஜ்ஜு நன்றாகப் பொருந்திவிட்டது. சித்திரையின் முதற் பாதமும் கன்னி இராசியிலேயே அமைதலின் இராசி, அதிபதி, வசியம் மூன்றும் மாறா. மற்றைய மூன்றன் முடிவும் மாறாது நிற்கின்றது.

ஆக, பத்தனுள் நான்கு தலைகீழாகின்றன. முதற்கணக்கில் உண்டு என்றவை இரண்டாவதில் இல்லை. இல்லை என்றவை உண்டு. ரஜ்ஜுவை முதன்மையாகக் கொள்ளும் சோதிடர், முன்னதைக் கண்டால் ‘இந்தச் சம்பந்தம் வேண்டா’ என்று தாளை மடித்துவிடுவர். பின்னதைக் கண்டால் ‘பேசி முடிக்கலாம்’ என்பர். மணமகள் அவளே, மணமகன் அவனே, பிறந்த நொடியும் அதுவே.

இரு பஞ்சாங்கங்களும் மாறுபடுதல் அன்பர்கள் அறியாதது அன்று. திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20ஆம் நாள் சனிப்பெயர்ச்சி விழா நிகழ்ந்தது வாக்கிய முறைப்படி. திருக்கணித முறைப்படி அப்பெயர்ச்சி அவ்வாண்டு ஜனவரித் திங்களிலேயே நிகழ்ந்துவிட்டது. சனி மெல்ல நடப்பவன் ஆதலின் மாதக்கணக்கில் வேறுபாடு தோன்றுகின்றது. சந்திரன் விரைந்து நடப்பவன் ஆதலின் அவ்வேறுபாடு நாழிகைகளாகச் சுருங்கும். எனினும் சில நாட்களில் சில மணி நேரமும் ஆகும். நட்சத்திரத்தின் நடுவிற் பிறந்தாருக்கு இதனால் தீங்கில்லை. விளிம்பிற் பிறந்தாருக்கே இடர்.

விளிம்பிற் பிறந்தமையை அறிதற்குப் பெரும் புலமை வேண்டா. சாதகத்தின் முகப்பில், கருவிற் சென்றது நீக்கித் தசை இருப்பு இத்தனை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதியிருப்பர். அஸ்தத்திற்குச் சந்திர தசை. அது 10 ஆண்டு. மேற்கூறிய மணமகனின் வாக்கிய சாதகத்தில் அத்தசையின் இருப்பு ஒரு மாதமும் சில நாட்களுமாகவே இருக்கும். ஏனெனில் அஸ்தம் முடியக் கால் மணி நேரமே எஞ்சியிருந்தது. திருக்கணித சாதகத்திலோ, சித்திரைக்குரிய 7 ஆண்டுச் செவ்வாய் தசை, ஒரு மாதம் குறைய முழுவதும் இருப்பாக நிற்கும். இருப்பு மிகச் சிறிதாயினும், ஏறத்தாழ முழுதாயினும், பிறந்த வேளை நட்சத்திரத்தின் விளிம்பு என்று உணர்க. அத்தகைய சாதகம் வந்தால், அது எந்தப் பஞ்சாங்கத்தாற் கணித்தது, பிறந்த நேரம் மருத்துவமனைக் குறிப்பா வீட்டார் நினைவா என்னும் இரண்டையும் கேளாமல் ‘பொருந்தாது’ என்று விடைகூறுதல் முறையன்று. ஒரு சாதகத்தை வாக்கியத்தாலும் மற்றதைத் திருக்கணிதத்தாலும் கணித்துவைத்துக்கொண்டு இரண்டையும் பொருத்துதலும் பிழையே. ஒரே பஞ்சாங்கத்தால் இரண்டையும் கணிப்பித்தல் வேண்டும்.

குடும்பத்தார் ஏன் மதிக்கின்றனர்?

இவ்வளவு நுண்மையான ஐயம் இருந்தும் பெற்றோர் பொருத்தம் பார்த்தலை ஏன் விடவில்லை? அதற்கு உலகியலில் நல்ல காரணங்கள் உள்ளன.

பெண்ணை ஈன்றார், தாம் அறியாத ஒரு குடும்பத்திற்கு அவளை அனுப்புகின்றனர். ஆராய்தற்கு உரிய செய்திகளோ பல. கேட்கத் தகுந்தனவோ சில. சாதகத் தாள் கைமாறும்போது பிறந்த ஆண்டு, ஊர், குலம், கோத்திரம், தாய் தந்தையர் பெயர் ஆகியவை தாமே வந்துவிடுகின்றன. பொருத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கிழமைக்குள், அயலாரிடத்தும் உறவினரிடத்தும் உசாவி அறிதற்கு இடம் கிடைக்கின்றது.

மற்றொன்று, மறுத்தற்கு ஒரு மரியாதையான வழி. வந்த சம்பந்தம் மனத்திற்கு ஒவ்வாதபோது, ‘உங்கள் பிள்ளை எங்களுக்கு வேண்டா’ என்று எவரும் சொல்லார். ‘சாதகம் பொருந்தவில்லை’ என்று சொல்லிவிட்டால் இரு குடும்பத்தாரும் நாளைத் திருவிழாவில் ஒருவரையொருவர் கண்டு முகமலர்ந்து பேசலாம். எவர்மேலும் குற்றம் இல்லை, கோள்கள்மேல் போயிற்று. இச்சொல் எத்தனையோ பகையைத் தவிர்த்திருக்கின்றது.

மூன்றாவது, மனத் துணிவு. பிற்காலத்தில் இடர் வந்தால் ‘பார்க்காமற் செய்தோமே’ என்று பெற்றோரை உறவினர் இடித்துரைப்பர் என்னும் அச்சம் உண்டு. பெரியோர் வழியிற் பார்த்துச் செய்தோம் என்னும் நினைவு அவ்வச்சத்தை நீக்குகின்றது. இவற்றை ஏளனம் செய்வார் பெண்ணைப் பெற்றார் நெஞ்சை அறியாதவர்.

ஏலாதார் கூறும் தடைகள்

ஏலாதாரும் ஒரு திறத்தவர் அல்லர். வழக்கமுறைச் சடங்கும் சாதகமும் இன்றி மணம் செய்த சுயமரியாதை இயக்கத்தார் ஒருவகை. அம்மணங்கள் சட்டப்படி செல்லும் என்று 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறிற்று. கணக்கைக்கொண்டே தடை எழுப்புவார் மற்றொரு வகை. இவர்தம் வாதம் நின்று விடைகூறத்தக்கது.

27 நட்சத்திரங்களை ரஜ்ஜுவில் ஐந்து வகுப்பாக்கியுள்ளனர்: சிரசில் 3, கண்டம், உதரம், தொடை, பாதம் ஆகிய நான்கனுள் ஒவ்வொன்றிலும் 6. எவ்வகை ஆராய்ச்சியும் இன்றி ஓர் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், இருவரும் ஒரே வகுப்பில் வீழ்வது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சிரசாயின் கணவனுக்கும், கண்டமாயின் மனைவிக்கும் உயிர்க்கேடு என்று நூல்கள் அச்சுறுத்துகின்றன. சாதகமே பாராத சமயத்தாரும் நாட்டாரும் உலகிற் கோடிக்கணக்கினர். அவர்களுள்ளும் ஐந்தில் ஒரு தம்பதியர் இவ்விதிக்கு மாறாகவே கூடி வாழ்தல் வேண்டும். ‘அக்கேடு அவர்களிடத்தே ஏன் தோன்றவில்லை?’ என்று அவர் வினவுகின்றனர்.

செவ்வாய் தோஷமும் அத்தகையது. இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 என்னும் ஐந்து இடங்களுள் ஒன்றிற் செவ்வாய் நின்றால் தோஷம் என்பர். பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு என்றால், பன்னிருவரில் ஏறக்குறைய ஐவருக்கு அது உண்டாகும். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் தொகை இன்னும் பெருகும். இதனை உணர்ந்தே சோதிட நூலார் தாமே பல விலக்குகளை வகுத்தனர். விலக்கை நோக்காது தோஷம் ஒன்றையே சொல்லி அச்சுறுத்துவார், தம் நூலை முற்றக் கல்லாதவர்.

வானியலறிஞர் ஜெயந்த் நார்லிகர் மராட்டிய நாட்டில் 2008இல் ஒரு சோதனை நடத்தினார். அறிவிற் சிறந்த மாணவர் நூற்றுவர், மனவளர்ச்சி குன்றியோர் நூற்றுவர் ஆகியோரின் சாதகங்களைத் திரட்டி, சோதிடர் ஒவ்வொருவருக்கும் நாற்பதாகக் கொடுத்து, எது எவருடையது என்று பிரிக்கச் சொன்னார். விடையளித்த 27 சோதிடர் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் 50 வரும். இச்சோதனை மணப்பொருத்தத்தைப் பற்றியது அன்று என்பது உண்மையே. ஆயினும் சாதகம் ஒன்றைமட்டும் கண்டு ஒருவர் வாழ்வை முடிவுகட்டுவார்க்கு அது ஓர் எச்சரிக்கை என்பதை மறுத்தல் இயலாது.

நட்சத்திரப் பழி

இங்கே மிக வருந்தத்தக்கது ஒன்றுண்டு. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாள், ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாள், கேட்டையாள் கணவனின் தமையனுக்கு ஆகாள் என்று ஊர்வழக்குக் கூறும். பத்துப் பொருத்தத்தில் எதனுள்ளும் மாமனாரோ மாமியாரோ வருவதில்லை. பத்தும் மணமக்கள் இருவருக்கே உரியன. அப்படியிருக்க, பொருத்தம் எண்ணுவதற்கு முன்பே நட்சத்திரத்தின் பெயரைக் கேட்ட அளவில் தாளைத் திருப்பி அனுப்புகின்றனர். அதே நட்சத்திரத்திற் பிறந்த ஆண்மகனுக்கு இத்தடை இல்லை. நாள்தோறும் ஒரு நட்சத்திரமாக 27 நாளில் ஒரு சுற்று வருகின்றது; இம்மூன்று நட்சத்திரத்திலும் பிறப்பவர் ஒன்பதில் ஒருவர். ஒன்பதில் ஒரு பெண்ணை, அவள் செய்யாத குற்றத்திற்காகத் திருமணமின்றி இருத்தும் வழக்கம் சோதிடமும் அன்று, சமயமும் அன்று. இதற்கு அஞ்சிப் பிறந்த நேரத்தை மாற்றி வேறு சாதகம் எழுதுவிக்கும் பெற்றோரும் உளர். பின்னர் அப்பொய்ச் சாதகத்தைக்கொண்டு பொருத்தம் பார்க்கின்றனர். அங்கே சோதிடரும் ஏமாறுகின்றார். இரு குடும்பமும் ஏமாறுகின்றன.

சைவ நெறியில் நின்று நோக்கின்

உயிர்க்கு இன்பதுன்பம் தருவது அதன் வினை. அவ்வினையை ஊட்டுவிப்பவன் இறைவன். இது சித்தாந்தத் துணிபு. கோள்கள் சடப்பொருள்கள். அவை வினையைச் சுட்டிக்காட்டும் அடையாளமாகலாமேயன்றித் தாமே ஒருவர்க்கு ஒன்றைத் தரவல்லன அல்ல. நாழிகை வட்டில் நேரத்தைக் காட்டும், நேரத்தை உண்டாக்காது.

திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குத் திருஞானசம்பந்தர் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தார். அப்பர் கோள்நிலையை இல்லையென்று தள்ளவில்லை, அன்பினால் அஞ்சினார். சம்பந்தரும் அவரை இகழவில்லை. இறைவன் உள்ளத்திலே புகுந்திருத்தலின் அவை அடியார்க்கு நல்லனவே என்று கோளறு பதிகம் அருளிப் புறப்பட்டார். பெற்றோரின் அச்சத்தை இகழாதிருத்தலும், அவ்வச்சத்திற்கு அடிமையாகாதிருத்தலும் ஆகிய இரண்டையும் இந்நிகழ்ச்சியால் அறிகின்றோம்.

அப்பரின் தமக்கையார் திலகவதியாரை நினைக்க. நற்குடியிற் பிறந்த கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசினர். மணம் நிகழுமுன் அவர் போர்க்களத்தில் உயிர்நீத்தார். திலகவதியாரை எவரும் பழிக்கவில்லை. பழிக்கப்படாத அவ்வம்மையாரே பின்னர்த் தம்பியைச் சைவத்திற்கு மீட்டுத் தந்தார். இன்று ஒரு பெண்ணுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தால் அவள் சாதகத்தைக் குறைகூறுவார், இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆதலின் அன்பர்கள் கொள்ளத்தக்க முறை இது. சம்பந்தம் வந்தால் முதலில் தொல்காப்பியம் சொன்ன ஒப்புமைகளை உசாவுக: குடியின் நடை, ஒழுக்கம், உடல்நலம், வயது, கல்வி, இவற்றோடு மணமக்கள் இருவரின் உடன்பாடு. இவை ஒவ்வாவிடின் பத்துக்குப் பத்துப் பொருந்தினும் பயனில்லை. இவை ஒத்தபின் பொருத்தம் பார்க்கும் வழக்கமுடையார் பார்க்க. அதனையும் பெண் பார்க்கச் செல்லுமுன் பார்த்துவிடுக. பார்த்து, பேசி, நிச்சயதாம்பூலமும் மாற்றியபின் மற்றொரு சோதிடரிடம் சென்று, அவர் வேறு சொன்னார் என்று மணத்தை நிறுத்துதல் கொடுமை. பொருந்தாது என்று விடை வருமாயின், விளிம்பு நட்சத்திரமா என்று தசை இருப்பைக்கொண்டு தெளிக. அதன் பின்னும் மனம் துணியாதபோது, ‘சாதகம் பொருந்தவில்லை’ என்று மறுமொழி சொல்லி அமைக. ‘உங்கள் பெண்ணின் நட்சத்திரம் ஆகாது’ என்று மட்டும் சொல்லற்க. முன்னது இருவரிடையே உள்ள ஒவ்வாமையைச் சொல்வது. பின்னது ஒருத்தியின்மேல் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்ளும் பழி.

குடமுழுக்குக் கண்ட இத்திருக்கோயிலில் நவக்கிரகங்கள் தத்தம் திசை நோக்கி நிற்கின்றன. அவற்றை வலம்வரும் அன்பர்கள், அம்மையப்பரை வழிபட்ட பின்னரே அங்கு வருகின்றனர். ஆலயத்தில் நிலவும் அம்முறையே இல்லறத்திலும் நிலவுக. மணம் வேண்டி இங்கு வரும் மக்கள் யாவருக்கும் அம்மையப்பர் நல்ல துணையைக் கூட்டியருளுக.

திருச்சிற்றம்பலம்